சோலார் ஹீட்டர் போட்ட காசு எப்போது திரும்பும்?

சோலார் வாட்டர் ஹீட்டர் விற்பவர் நீட்டும் தாளில் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: நாலு பேர் குடும்பத்துக்கு 200 லிட்டர் டேங்க். தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கக் கீசருக்கு நாளுக்கு 8 யூனிட் ஆகும். வருடத்தில் 300 நாள், யூனிட் 8 ரூபாய். ஆக வருடத்துக்கு 19,000 ரூபாய்க்கு மேல் மிச்சம், இரண்டே வருடத்தில் போட்ட காசு கைக்கு வந்துவிடும்.

பெருக்கலில் பிழை இல்லை. பிழை 200 லிட்டரில் இருக்கிறது. எந்த வீட்டிலும் நாலு பேர் சேர்ந்து 60 டிகிரியில் 200 லிட்டர் தண்ணீரைக் குளித்துத் தீர்ப்பதில்லை. டேங்க் எவ்வளவு பிடிக்கும் என்பது வேறு, நீங்கள் எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்பது வேறு. மிச்சம் இரண்டாவதிலிருந்துதான் வரும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வாளியும் ஒரு தெர்மாமீட்டரும் போதும். வாளியில் குளிப்பவர் ஒருவருக்கு, கொஞ்சம் தாராளமாக, 25 லிட்டர் வைத்துக்கொள்ளலாம். உடம்புக்கு இதமான சூடு 40 டிகிரி. கோயம்புத்தூரில் காலை நேரத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் 24 டிகிரி என்று கொண்டால், ஏற்ற வேண்டியது 16 டிகிரிதான். லிட்டரையும் டிகிரியையும் பெருக்கி 860-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். நாலு பேருக்கு 100 லிட்டர்: 100 × 16 ÷ 860, கிட்டத்தட்ட 1.9 யூனிட். கீசருக்குள் மிஞ்சி ஆறிப்போவதையும் குழாயில் போவதையும் சேர்த்து 2.2 என்று எடுத்துக்கொள்வோம். விற்பவர் சொன்ன எட்டில் இது கால்பங்கு சொச்சம்.

இந்தக் கணக்கைச் சரிபார்க்க இன்னொரு வழி கீசரிலேயே இருக்கிறது. முகப்பில் எரியும் சின்னச் சிவப்பு விளக்கைப் பாருங்கள். பல கீசர்களில், சூடாக்கும் மின் காயில் ஓடும்போது மட்டும் எரிந்து, தெர்மோஸ்டாட் வெட்டியதும் அணைந்துவிடும் விளக்கு அது. (சுவிட்ச் போட்டிருக்கும் வரை அணையாமலே எரிந்தால் அது வெறும் இணைப்பு விளக்கு, இதற்கு உதவாது.) 2 கிலோவாட் கீசர் என்றால் விளக்கு எரியும் ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு யூனிட். ஒரு வாரம் நிமிடங்களைக் குறித்து வைத்தால், உங்கள் வீட்டின் உண்மையான எண் கிடைத்துவிடும்.

அடுத்து, மிச்சமாகும் யூனிட்டுக்கு என்ன விலை? பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரி இங்கே உதவாது. கீசரை நிறுத்தினால் குறைவது பில்லின் உச்சியில் இருக்கும் யூனிட்கள், அவைதான் விலை கூடியவை. தமிழ்நாட்டில் 2024-இல் வந்த கட்டணப்படி, இரண்டு மாத ரீடிங்கில் முதல் 100 யூனிட் இலவசம். 400-க்குள் உச்சி யூனிட் ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் கீழே. 400-களில் ஆறரையை ஒட்டி, 500-களில் எட்டரையை ஒட்டி, 600-க்கு மேல் ஒன்பதரையை ஒட்டிப் போகிறது. இதற்கு நடுவே ஒரு பள்ளம் உண்டு. மொத்தம் 500-ஐத் தாண்டாத வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்கள் பாதி விலையில் கிடைக்கின்றன. 501-ஆவது யூனிட் ஓடிய கணமே அந்தச் சலுகை போய், பில் சுமார் 235 ரூபாய் எகிறும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் இந்த எண்களை உங்கள் கடைசி பில்லோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் 500 என்ற வேலிக்கு எந்தப் பக்கம் உங்கள் வீடு இருக்கிறது என்பதுதான் முடிவையே மாற்றும்.

கோயம்புத்தூரில் ஒரு தனி வீட்டை எடுப்போம். நாலு பேர், வாளிக் குளியல், ஏற்கெனவே 15 லிட்டர் கீசர் இருக்கிறது. மார்ச், ஏப்ரல், மே வெயிலில் சுடுதண்ணீரை யாரும் தேடுவதில்லை. அந்த நாட்களில் சோலார் டேங்க் கொதிக்கக் கொதிக்க நிற்கும், ஆனால் அதற்குக் காசு கிடையாது. ஆக வருடத்துக்கு 270 நாள். அதில் வடகிழக்குப் பருவமழையும் மற்ற மேகமூட்டமும் சேர்ந்து 45 நாள் சோலார் கைவிடும் என்று வைத்தால், மீதி 225 நாள். நாளுக்கு 2.2 யூனிட் வீதம் வருடத்துக்கு 500 யூனிட் மிச்சம். கீசர் ஓடும் நாலரை பில்லில் பரப்பினால், பில்லுக்கு 110 யூனிட்.

செலவுப் பக்கம்: 100 லிட்டர் கண்ணாடி ட்யூப் வகை, குழாய் வேலையோடு 25,000 ரூபாய் என்று வைப்போம். 200 லிட்டர் எதற்கு? 60 டிகிரித் தண்ணீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து 40-க்குக் கொண்டுவர, அந்த 100 லிட்டர் குளியலுக்கு 44 லிட்டர் சுடுதண்ணீர் போதும். மீதி குழாயில் ஆறுவதற்கும் இரவில் சூடு இறங்குவதற்கும் இருக்கட்டும். பராமரிப்புக்கு, பல வருடச் சராசரியாக, வருடம் 1,000 ரூபாய் ஒதுக்குங்கள். கீசரின் விலையைச் செலவிலிருந்து கழிக்காதீர்கள். மழை நாளுக்கு அது சுவரில் இருந்தே ஆக வேண்டும்.

இப்போது அந்த வீட்டின் பில் 350 யூனிட் என்றால், மிச்சமாகும் 500 யூனிட்டும் ஐந்து ரூபாய்க்குக் குறைந்தவை. வருடத்துக்குச் சுமார் 2,400. பராமரிப்பு போக 1,400. போட்ட 25,000 திரும்ப 18 வருடம். அதற்குள் டேங்க் துருப்பிடித்துவிடும். இந்த வீட்டுக்குக் கீசரே மேல்.

அதே குடும்பம், அதே குளியல், ஆனால் பில் 560 யூனிட். 110 குறைந்தால் 450. எட்டரை ரூபாய் யூனிட் 60, ஆறரையை ஒட்டிய யூனிட் 50, அதோடு வேலிக்கு இந்தப் பக்கம் வந்ததால் 235 ரூபாய். பில்லுக்கு ஆயிரத்துச் சொச்சம், வருடத்துக்கு 4,800. பராமரிப்பு போக 3,800, அதாவது ஆறரை வருடம். 750 யூனிட் வரும் வீட்டிலும் கிட்டத்தட்ட இதே காலம்தான். அங்கே உச்சி யூனிட் விலை அதிகம், ஆனால் வேலி தாண்டும் போனஸ் கிடையாது.

ஷவரில் குளிப்பவர்கள் என்றால் எண்கள் தடாலென்று மாறும். ஆளுக்கு 60 லிட்டர் போனால் நாளுக்கு 5 யூனிட், வருடத்துக்கு 1,100-க்கு மேல். அப்போது 200 லிட்டர் டேங்க் நியாயம். அது 38,000 ஆனாலும், 500-க்கு மேல் பில் வரும் வீட்டில் நாலைந்து வருடத்தில் திரும்பிவிடும். சென்னை நேரெதிர். தொட்டித் தண்ணீர் 30 டிகிரியை ஒட்டி நிற்கும், சுடுதண்ணீர் வேண்டியது வருடத்தில் நாலு மாதம், அதிலும் பாதி மழை மாதங்கள். வாளிக் குளியல் வீட்டில் மிச்சம் பராமரிப்புக்கே சரியாகப் போய்விடும். ‘சூரியன் அதிகம் உள்ள ஊருக்குச் சோலார் ஹீட்டர்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் வெயிலும் குளிர்ந்த தண்ணீரும் சேர்ந்து கிடைக்கும் ஊருக்குத்தான் அது பொருந்தும்.

தாளில் ஆறரை வருடம் வந்த வீட்டிலும் நடைமுறையில் அது பத்து வருடமாவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, டேங்குக்குள் பொருத்தித் தரும் மின் காயில். மழை நாளில் சுவிட்சைப் போட்டால் அது நாலு வாளிக்கு மட்டும் சூடாக்காது, டேங்க் முழுவதையும் சூடாக்கும். 100 லிட்டரை 30-லிருந்து 60-க்கு ஏற்ற 3.5 யூனிட். குளியலறைக் கீசர் இரண்டே சொச்சத்தில் முடிக்கும் வேலை. சுவிட்சை அணைக்க மறந்தால் இன்னும் மோசம்: விடியும்போதே தண்ணீர் சூடாக இருக்கும், அன்றைய வெயில் சேர்க்க டேங்கில் இடமே இருக்காது. வெயிலுக்குக் காசு கொடுத்துவிட்டு மின்சாரத்தில் குளிப்பீர்கள். காயில் இல்லாமல் வாங்குங்கள், கீசரை அப்படியே விட்டுவையுங்கள்.

இன்னொன்று குழாய். மொட்டை மாடியிலிருந்து கீழ்த்தளக் குளியலறைக்கு 20 மீட்டர் முக்கால் இஞ்ச் குழாய் வந்தால், அதற்குள் 5 லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கும். அது வெளியே போன பிறகுதான் சூடு வரும். நாலு பேரும் அடுத்தடுத்துக் குளித்தால் ஒருமுறைதான் இந்தக் காத்திருப்பு. ஆறு மணிக்கு ஒருவர், ஏழரைக்கு ஒருவர், ஒன்பதுக்கு ஒருவர் என்றால் ஒவ்வொரு தடவையும். பள்ளி வேனுக்கு நேரமாகும் காலையில் யாரும் பொறுக்க மாட்டார்கள், கை கீசர் சுவிட்சுக்குப் போய்விடும். அந்தச் சுவிட்ச் போடும் பழக்கம்தான் ஆறரையைப் பத்தாக்குவது. குழாயை இஞ்ச் அளவுக்குப் பெரிதாக்கினால் நிற்கும் தண்ணீர் இன்னும் கூடும். பாதை நீளத்தைக் குறைப்பதும், வெயில் மழையில் பிய்ந்துவிடாத உறையைச் சுற்றுவதும்தான் வழி.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியது போர் தண்ணீரின் உப்பு. தட்டை வகை ஹீட்டரில் மெல்லிய செப்புக் குழாய்களுக்குள் படிந்து சுழற்சியையே அடைத்துவிடும். ட்யூப் வகையில் அடியில் சேரும், கழற்றிக் கழுவிவிடலாம். ஆகையால் உப்புத் தண்ணீர் ஊரில் ட்யூப் வகையே தோது. ட்யூப்பின் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம் போய்விட்டதா என்று பார்க்க அதன் மூடிய நுனியைப் பாருங்கள். கண்ணாடிக்குள் வெள்ளி பூசியதுபோல் பளபளத்தால் நன்றாக இருக்கிறது. சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அந்த ட்யூப் வெயிலில் தொட்டாலே சுடும், ஏனென்றால் தண்ணீருக்குப் போக வேண்டிய சூடு வெளியே கசிகிறது.

ட்யூப் உடைவதற்கு வெளியிலிருந்து கல் விழ வேண்டும் என்றில்லை. தொட்டி காலியாகி ட்யூப்கள் வறண்டு காய்ந்திருக்கும் மதிய வெயிலில், மோட்டாரைப் போட்டுப் பச்சைத் தண்ணீரை ஏற்றினால் சுடுகண்ணாடி விரிசல் விட்டு உடையும். தொட்டி காலியாகிவிட்டது என்று தெரிந்தால் சோலாருக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, மறுநாள் வெயில் ஏறும் முன் திறந்து நிரப்புங்கள்.