இரைச்சல் எங்கே போய்விடுகிறது?

பெங்களூரில் முதுகலை படிக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அல்சூர் ஏரியில் பாசி வளர்வதைப் பைத்தானில் மாதிரி செய்கிறேன். வெயில், மேகம், மழை என்று நாளுக்கு நாள் மாறுவதால் வளர்ச்சிச் சமன்பாட்டில் ஒரு சீரற்ற இரைச்சலைச் சேர்த்தேன். கால இடைவெளியைச் சிறிதாக்கினால் விடை துல்லியமாகும் என்றுதான் படித்தேன். சிறிதாக்கச் சிறிதாக்க இரைச்சலே காணாமல் போகிறதே, ஏன்?"

அவர் அனுப்பிய நிரலைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. வளர்ச்சியைக் கால இடைவெளியான `dt`யால் பெருக்கியவர், இரைச்சலையும் அதே `dt`யால் பெருக்கியிருந்தார். அங்கே வர வேண்டியது `dt`யின் வர்க்கமூலம்.

தனித்தனியான சீரற்ற ஆட்டங்களைக் கூட்டும்போது அவற்றின் திட்ட விலக்கங்கள் கூடுவதில்லை; பாதி மேலே இழுத்தால் பாதி கீழே இழுக்கும். கூடுவது திட்ட விலக்கத்தின் வர்க்கம், அதாவது பள்ளியில் படித்த விலக்க வர்க்கச் சராசரி. பத்து நாளை நூறு அடிகளாகப் பிரித்தாலும் பத்தாயிரமாகப் பிரித்தாலும் மொத்த ஆட்டம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஏரிக்கு நம் `dt` தெரியாது! அப்படியானால் ஒவ்வோர் அடியின் விலக்க வர்க்கமும் `dt` அளவு இருக்க வேண்டும்; ஆட்டம் `sqrt(dt)` அளவு இருக்க வேண்டும்.

வாசகியின் எண்களையே வைத்துப் பார்ப்போம். வளர்ச்சி வீதம் நாளுக்கு 0.1, இரைச்சலின் வலு 0.5, காலம் பத்து நாள். சரியாகச் செய்தால் மொத்த ஆட்டம் சுமார் 1.58 வரும், `dt` எதுவானாலும். அவர் செய்தபடி `dt`யால் பெருக்கினால், `dt` 0.1 ஆக இருக்கும்போது 0.5, 0.001 ஆக்கினால் வெறும் 0.05. சரி, எதனாலும் பெருக்காமல் விட்டால்? அது வெடித்துவிடும்: முதலில் 5, அப்புறம் 50.

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)
r, s, T, dt = 0.1, 0.5, 10, 0.01
x = np.full(10000, 100.0)
for _ in range(round(T/dt)):
    z = rng.standard_normal(x.size)
    x += r*x*dt + s*x*np.sqrt(dt)*z
print(x.mean(), np.median(x))
```

இதற்கு ஆய்லர்–மருயாமா முறை என்று பெயர். ஜப்பானியக் கணிதர் கிசிரோ மருயாமா 1955இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. 100இல் தொடங்கும் பத்தாயிரம் பாதைகளை, அதாவது பத்தாயிரம் கற்பனை ஏரிகளை, இது ஒரே நேரத்தில் ஓட்டுகிறது.

எனக்குப் பிடித்த இடம் கடைசி வரி. சராசரி சுமார் 272 வரும். இரைச்சலே இல்லாமல் போட்டாலும் அதேதான் வந்திருக்கும். இடைநிலை அளவோ சுமார் 78! சராசரியாகப் பார்த்தால் பாசி கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. ஆனால் பாதிக்கும் மேற்பட்ட ஏரிகளில் தொடங்கியதைவிடக் குறைகிறது.

காரணம் மறுபடியும் அந்த வர்க்கமூலம்தான். 100 ஐம்பது சதவீதம் ஏறி 150 ஆகி, பிறகு ஐம்பது சதவீதம் இறங்கினால் 75. ஏற்றமும் இறக்கமும் சமம் என்றாலும் கையில் மிஞ்சுவது குறைவு. இந்த இழப்பு ஆட்டத்தின் வர்க்கத்தில் பாதி அளவு. சாதாரண நுண்கணிதத்தில் சிறிய அடியின் வர்க்கத்தைத் தூக்கிப் போட்டுவிடுவோம். இங்கே அது முடியாது. `sqrt(dt)`யை வர்க்கப்படுத்தினால் `dt` வந்து நிற்கும், வளர்ச்சி உறுப்பின் அதே அளவில். நாளுக்கு 0.125 இப்படிக் கரைகிறது. 0.1இலிருந்து அதைக் கழித்தால் -0.025; அதனால்தான் இடைநிலை அளவு இறங்குகிறது. சராசரியைத் தூக்கி நிறுத்துவது 272ஐத் தாண்டும் ஐந்தில் ஒரு பங்கு பாதைகள்.

திட்ட அறிக்கைகளில் "எதிர்பார்க்கப்படும் வளர்ச்சி" என்று ஒற்றைக் கோடு போட்டு நிதி கேட்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். கூடவே இடைநிலைக் கோட்டையும் போடச் சொல்லி நிதி தருபவர்கள் கேட்கலாம்.

சராசரி 272 சரியாக வரவில்லையே என்று பதற வேண்டாம். அபூர்வமான பெரிய பாதைகளை அது நம்பியிருப்பதால் பத்தாயிரம் பாதைகளிலும் ஒன்பது பத்து முன்பின் ஆகும். இடைநிலை அளவு அவ்வளவு அலையாது. நிரலைச் சோதிக்க அதுவே நல்லது. `dt`யைப் பாதியாக்கிப் பாருங்கள். இரண்டும் பெரிதாக நகரக் கூடாது.

`dt`யை 1 என்று வைத்தால் வேறு வம்பு. `z` -2.2க்குக் கீழே போனால் பாசியின் அளவு எதிர்மறையாகிவிடும். ஓர் அடியில் இது எழுபதில் ஒரு முறைதான், ஆனால் பத்து அடிகளுக்குள் நூற்றில் பதின்மூன்று பாதைகளாவது ஒரு முறை பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். `np.maximum` போட்டு மறைக்காதீர்கள், சராசரி கெட்டுவிடும். `dt` 0.01 ஆனால் `z` -20ஐத் தொட வேண்டும், அது நடக்காது. இந்தச் சமன்பாட்டுக்கு மடக்கையில் துல்லியமான சூத்திரம் உண்டு. ஏரியின் கொள்ளளவையும் சேர்த்து வளர்ச்சிக்கு வரம்பு போட்டால் அந்தச் சூத்திரம் பொருந்தாது. சின்னச் சின்ன அடிகளாகத்தான் போக வேண்டும்.