பெர்ஃபார்மன்ஸ் மோடு போட்டும் எஃப்பிஎஸ் ஏறவில்லையா?

பிசி அசெம்பிள் செய்து கொடுப்பதும் சர்வீஸ் பார்ப்பதும்தான் என் தொழில். ஆர்டிஎக்ஸ் 3060, 4060 மாதிரி நடுத்தர கார்டு வாங்கியவர்கள் கேமைக் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் கேம் மெனுவில் இருப்பதைப் பார்த்ததும் நேராக அதன் பெர்ஃபார்மன்ஸ் மோடுக்குப் போய்விடுகிறார்கள். அப்புறம் "படம் மங்கலா இருக்கு, கார்டு சரியில்லையோ" என்று போன் வருகிறது. பெரும்பாலும் கார்டில் ஒரு கோளாறும் இருக்காது.

மோடின் பெயரை விட, அதற்குப் பின்னால் உள்ள ரெசல்யூஷனைப் பாருங்கள். குவாலிட்டி என்றால் அகலத்திலும் உயரத்திலும் மூன்றில் இரண்டு பங்கு, பெர்ஃபார்மன்ஸ் என்றால் பாதிக்குப் பாதி. உங்களுடையது 1080p மானிட்டர் என்றால் குவாலிட்டியில் கேம் உள்ளே 1280x720-இல் வரையப்பட்டு மேலே ஏற்றப்படுகிறது, பெர்ஃபார்மன்ஸில் வெறும் 960x540-இல். அதாவது திரையில் உள்ள பிக்சல்களில் கால்வாசியைத்தான் கார்டு வரைகிறது, மீதியை டிஎல்எஸ்எஸ் முந்தைய ஃப்ரேம்களிலிருந்து சேர்த்துக் கட்ட வேண்டும். 1440p மானிட்டரில் அதே பெர்ஃபார்மன்ஸ் 1280x720-இலிருந்து தொடங்குகிறது, அங்கே அது தாராளமாக ஓடும். அதனால்தான் 4கே மானிட்டர் வைத்திருக்கும் யூடியூபர் "பெர்ஃபார்மன்ஸ் அருமை" என்று சொன்னால், 1080p-க்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருக்கு உள்ளே ஓடுவது 1920x1080.

சரி, மங்கலானாலும் வேகம் கிடைக்குமே என்றால், அதுவும் எப்போதும் கிடைக்காது. சமீபத்தில் ஒருவர் கொண்டு வந்த பிசியில் 4060 கார்டு, கூடவே ரைசன் 5 3600, 1080p மானிட்டர். சைபர்பங்க் 2077-இல் கூட்டமான தெருவில் குவாலிட்டியில் 70-ஐ ஒட்டி எஃப்பிஎஸ், பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றினாலும் கிட்டத்தட்ட அதே 70. என்விடியா ஆப்பில் Alt+R அழுத்தி ஓவர்லேயைத் திறந்து பார்த்தோம். பெர்ஃபார்மன்ஸில் ஜிபியு யூசேஜ் 60 சதவீதத்துக்கும் கீழே. கார்டு சும்மா காத்துக்கொண்டிருக்கிறது, தெருவில் நடக்கும் மனிதர்களையும் வண்டிகளையும் கணக்குப் போட்டு முடிக்க முடியாமல் ப்ராசசர்தான் திணறுகிறது. டிஎல்எஸ்எஸ் குறைப்பது கார்டின் வேலையை, ப்ராசசரின் வேலையை இல்லை. கிரௌடு டென்சிட்டியை ஒரு படி குறைத்து, குவாலிட்டியிலேயே விட்டதும் அவருக்கு எஃப்பிஎஸ் கூடியது, படமும் தெளிவாக இருந்தது.

எனவே முதலில் விசிங்க்கையும் எஃப்பிஎஸ் லிமிட்டையும் அணைத்துவிட்டு, குவாலிட்டியில் விளையாடும்போது யூசேஜைப் பாருங்கள். 95-ஐத் தாண்டி நின்றால் பெர்ஃபார்மன்ஸ் உதவும், 80-க்குக் கீழே என்றால் உதவாது. உதவும் இடத்திலும் பிக்சல் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறதே, எஃப்பிஎஸ் இரட்டிப்பாகுமா என்று கேட்காதீர்கள். மேலே ஏற்றும் வேலைக்கே ஒவ்வொரு ஃப்ரேமிலும் கொஞ்ச நேரம் போகும், அது உள்ளே வரும் ரெசல்யூஷனைக் குறைத்தால் பெரிதாகக் குறையாது.

8ஜிபி கார்டில் இன்னொரு குழப்பம் உண்டு. விளையாட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, பிறகு திடீர் திடீரென்று தடுக்கினால், அல்லது சுவர், தரை டெக்ஸ்சர்கள் களிமண் மாதிரி குழைந்து தெரிந்தால், கார்டின் சொந்த மெமரியான விஆர்ஏஎம் நிறைந்துவிட்டது என்று சந்தேகப்படுங்கள். மோடை மாற்றினால் அதில் கொஞ்சம்தான் மிச்சமாகும், டெக்ஸ்சர் செட்டிங்கை ஒரு படி இறக்குவதே மருந்து. ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டிருந்தால் அதுவும் தன் பங்குக்கு விஆர்ஏஎம் சாப்பிடும்.

படத்தை ஒப்பிடும்போது நின்று பார்க்காதீர்கள். கேமரா அசையாமல் இருந்தால் பழைய ஃப்ரேம்கள் சேர்ந்துகொண்டே இருப்பதால் 540p-யும் அழகாகத்தான் தெரியும், ஸ்கிரீன்ஷாட்டில் வித்தியாசமே கண்டுபிடிக்க முடியாது. ஓடிக்கொண்டே கம்பி வேலியைப் பாருங்கள், முடியைப் பாருங்கள், இரவில் போகும் காரின் பின்விளக்குக்குப் பின்னால் சிவப்பு வால் இழுக்கிறதா பாருங்கள். ரே டிரேசிங் போட்டிருந்தால் ஈரச் சாலையின் பிரதிபலிப்பு பொரிபொரியாக நடுங்கும், கதிர்களும் அந்தக் குறைந்த ரெசல்யூஷனுக்கு ஏற்பத்தான் எறியப்படுகின்றன. இந்த இடத்தில் நான் பெர்ஃபார்மன்ஸுக்கு இறங்க மாட்டேன், ரே டிரேசிங்கை ஒரு படி குறைப்பேன்.

டிஎல்எஸ்எஸ்ஸுக்கு 2025-இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் மாடல் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. என்விடியா ஆப்பில் அந்த கேமைத் தேர்ந்தெடுத்து `DLSS Override - Model Presets` என்ற இடத்தில் `Latest` வைத்தால் பல கேம்களில் அது இயங்கும், வேலியும் வாலும் நன்றாகவே சரியாகின்றன. 1440p-யில் 4060 வைத்திருப்பவர்கள் இதோடு பெர்ஃபார்மன்ஸைத் தயங்காமல் போடலாம். 3060-இல் இந்த மாடல் கூடுதல் நேரம் எடுக்கும் என்பதால், போட்ட பிறகு எஃப்பிஎஸ்ஸை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 1080p-க்கு என் பதில் இன்னும் குவாலிட்டிதான். அதிலும் 60 தொடவில்லை என்றால் ஷேடோ, வால்யூமெட்ரிக் ஃபாக் இரண்டையும் முதலில் இறக்கிப் பாருங்கள், பெர்ஃபார்மன்ஸைக் கடைசிக்கு வையுங்கள்.