அறிகுறி இல்லாத கணவருக்கும் மாத்திரை ஏன்?

நுரைத்த, மஞ்சளும் பச்சையும் கலந்த வெள்ளைப்படுதல், தாங்க முடியாத அரிப்பு, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் ஆகியவற்றோடு முப்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் என்னிடம் வந்தார். பூஞ்சைத் தொற்று என்று தாமே முடிவு செய்துகொண்டு, கடையில் வாங்கிய களிம்பை இரண்டு வாரம் தடவியிருந்தார். பூஞ்சைத் தொற்றில் வெளியேறுவது பெரும்பாலும் தயிர்த்திப்பி போல வெண்மையாக இருக்கும். நாற்றமும் பெரிதாக இராது. இவருக்கோ துர்நாற்றமும் இருந்தது.

பிறப்புறுப்பிலிருந்து எடுத்த திரவத்தில் ஒரு துளியை உப்புநீரோடு கலந்து உடனே நுண்ணோக்கியில் பார்த்தேன். சாட்டை போன்ற இழைகளை அடித்துக்கொண்டு, வெட்டி வெட்டி நகரும் ஒற்றைச் செல் உயிரிகள் தெரிந்தன. அவைதான் டிரைக்கோமோனாஸ். சற்றுத் தாமதித்தாலும் அவற்றின் அசைவு நின்றுவிடும் என்பதால், இந்தச் சோதனையில் எதுவும் தெரியவில்லை என்பதை வைத்து மட்டும் தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐயம் இருந்தால் மரபணுச் சோதனை செய்வதே சரி.

மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு இருமுறை, ஏழு நாள்களுக்கு எழுதிக் கொடுத்தேன். இக்கிருமி சிறுநீர்க்குழாயிலும் அருகிலுள்ள சுரப்பிகளிலும் ஒளிந்திருக்கும். உள்ளே வைக்கும் ஜெல் அங்கெல்லாம் போதிய அளவு சென்று சேராது. எனவே வாய்வழி மாத்திரைதான் வேண்டும். கணவரையும் அழைத்து வரச் சொன்னேன். "அவருக்கு ஒன்றுமே இல்லையே, டாக்டர்" என்றார்.

ஐந்து வாரம் கழித்து அதே தொல்லையோடு அவர் திரும்பி வந்தார். மாத்திரைகளை ஒன்றுவிடாமல் விழுங்கியிருந்தார். ஒரு வாரத்தில் முழுமையாகக் குணமாகியும் இருந்தார். கணவரோ மருந்து எதுவும் உட்கொள்ளவில்லை. மருந்துக்குப் பணியாத கிருமி என்று ஐயுறுவதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி, கணவரும் மருந்து உட்கொண்டாரா என்பதுதான், ஏனெனில் தொற்றுள்ள ஆண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. அவர்களது சிறுநீர்க்குழாயில் தங்கிய கிருமி, உறவின்போது மனைவிக்கே மீண்டும் வந்து சேர்கிறது.

இம்முறை கணவரும் வந்தார், முகத்தில் கோபத்தோடு. "யாரிடமிருந்து வந்தது?" என்பதே அவரது முதல் கேள்வி. இத்தொற்று பாலுறவு வழியாகவே பரவுகிறது என்றாலும், அறிகுறியின்றிப் பல மாதங்கள், சில சமயம் ஆண்டுக்கணக்கில்கூட உடலில் தங்கக்கூடியது என்பதால், எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் கூற இயலாது என்று விளக்கினேன். (இந்த உரையாடலுக்கு மருந்துச்சீட்டு எழுதுவதைவிட அதிக நேரம் பிடிக்கும்.) ஆண்களுக்குரிய அளவான 2 கிராமை அவர் ஒரே வேளையில் உட்கொண்டார், மனைவி ஏழு நாள் மாத்திரையை மீண்டும் தொடங்கினார். இருவரின் சிகிச்சையும் முடிந்து அறிகுறிகள் அடங்கும்வரை உறவைத் தவிர்க்கச் சொன்னேன்.

மீண்டும் தொற்றுவது சாதாரணம் என்பதால், மூன்று மாதம் கழித்து மனைவிக்கு மறுசோதனை செய்தோம். கிருமி இல்லை.