பில்லில் 600, கையில் 302

புத்தக வடிவமைப்பு செய்யும் ஒரு பெண், மூன்று மாதக் கணக்கோடு என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். பில் போட்டது 1,80,000 ரூபாய். வேலை நேரம் என்று செயலியில் பதிந்தது 300 மணி. "மணிக்கு 600 ரூபாய் வருது சார், ஆனா மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்கல" என்றார்.

முதலில் வரவைச் சரிபார்த்தோம். 24,000 ரூபாய் பில் ஒன்று இன்னும் வரவில்லை. பணம் வரும்வரை அதைச் சேர்க்கக் கூடாது. டிடிஎஸ் பிடித்தது வேறு கதை: அது உங்கள் பான் எண்ணில் கட்டப்பட்ட வரி. வருமான வரித் தளத்தில் ஏறியிருந்தால் அதுவும் வருமானம்தான். ஆக வரவு 1,56,000. மென்பொருள் சந்தா, இணையம், மின்சாரம், மடிக்கணினித் தேய்மானம் எல்லாம் சேர்ந்து 25,800. மிச்சம் 1,30,200.

அடுத்து நேரம். செயலியை ஓட விடாத நேரம் எவ்வளவு என்று கேட்டேன். "வாரம் ரெண்டு மூணு மணி இருக்கும்" என்றார். இந்த இடத்தில் ஞாபகத்தை நம்பக் கூடாது. போனில் அழைப்புப் பட்டியல், வாட்ஸப்பில் திருத்தம் கேட்ட செய்திகள், அனுப்பிய மின்னஞ்சல்களின் நேரம் மூன்றையும் வைத்து இரண்டு வாரத்தைத் திரும்ப எழுதச் சொன்னேன். விலை சொல்வது, பில் அனுப்புவது, பணம் கேட்டு நினைவூட்டுவது, "ஒரு சின்ன மாற்றம்தான்" என்று வருவது எல்லாமாக வாரத்துக்குச் சராசரி 10 மணி வந்தது. 13 வாரத்துக்கு 130. மொத்தம் 430 மணி. 1,30,200-ஐ 430-ஆல் வகுத்தால் 302 ரூபாய் சொச்சம்.

இதோடு நிறுத்தியிருந்தால் அவர் எல்லோரிடமும் விலையை ஏற்றியிருப்பார். அது தவறாகப் போயிருக்கும். கூலியில்லாத அந்த நேரத்தை வாடிக்கையாளர்வாரியாகப் பிரித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பெரிய பதிப்பகம் கொடுத்தது 60,000. பதிந்தது 90 மணி, அதாவது மணிக்கு 667. ஆனால் போனிலும் திருத்தத்திலும் போனது இன்னும் 55 மணி. சேர்த்துப் பார்த்தால் 414. சிறிய பதிப்பகம் ஒன்று 72 மணி வேலைக்கு 36,000 கொடுத்தது, மணிக்கு 500. செயலியில் பதியாமல் போனது 8 மணிதான். 450 நிற்கிறது. குறைந்த விலைக்காரர் என்று அவர் விட்டுவிட நினைத்த இடம் அது.

ஒரு மாதக் கணக்கு போதாது. பெரிய பில் ஒன்று மாதம் தள்ளி வந்தாலே எண் புரண்டுவிடும். குறைந்தது மூன்று மாதம் பாருங்கள். புதிதாக ஒன்றைக் கற்கும் நேரத்தைத் தனியாக எழுதுங்கள், எந்த வாடிக்கையாளர் தலையிலும் போடாதீர்கள்.

அவர் பெரிய பதிப்பகத்தின் அடுத்த விலைப்புள்ளியில் ஒரு வரி சேர்த்தார்: இரண்டு சுற்றுத் திருத்தம் விலையில் அடக்கம், மூன்றாவதிலிருந்து மணிக்கு 500 ரூபாய். அப்புறம் வந்த புத்தகத்தில் திருத்தங்கள் ஒரே கோப்பில், மொத்தமாக வந்தன.