குடத்துக்குள் போகும் கை

வாந்தி பேதி வந்துவிட்டால் "தண்ணி சரியில்லை" என்பதுதான் டெல்டா வீடுகளில் முதலில் கிளம்பும் பேச்சு. பல நேரம் அது உண்மையும்கூட. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவியபோது பொது சுகாதார அவசரநிலையே அறிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் முதல் ஆள் படுத்த பிறகு, அதே வீட்டில் அடுத்த ஆள் படுப்பதற்கு ஊர்த் தண்ணீர் கெட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் கை போதும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க நேரம் உதவும். வீட்டில் நாலு பேருக்கு ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஆரம்பித்தால், எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டதையோ குடித்ததையோ சந்தேகிக்கலாம். ஒருவருக்கு வந்து, ஒரு நாள் ஒன்றரை நாள் கழித்து இன்னொருவர், அப்புறம் மற்றொருவர் என்று போனால் நோய் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கை மாறியிருக்கிறது. இப்படிக் கை மாறுவதில் முன்னே நிற்பது நோரோ வைரஸ். உடம்புக்குள் போய் 12 முதல் 48 மணி நேரத்தில் அது வேலையைக் காட்டும். ஒருவரை நோயில் தள்ள இருபதுக்கும் குறைவான வைரஸ் துகள்கள்கூடப் போதும் என்று ஒரு கணக்கு உண்டு. நோயாளியின் மலத்திலோ கோடிக்கணக்கில் இருக்கும். பார்க்கச் சுத்தமாக இருக்கும் விரல் நுனியிலேயே பலருக்குப் போதுமான சரக்கு ஒட்டியிருக்கலாம்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். ராத்திரி மாமியாருக்கு வாந்தி, விடிவதற்குள் நாலைந்து முறை பேதி. மருமகள் தாங்கிப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போகிறாள், கழுவிவிடுகிறாள், சேலை மாற்றுகிறாள். வந்ததும் அடிபம்பின் கைப்பிடியைப் பிடித்து அடித்துக் கை கழுவுகிறாள். மாமியார் தண்ணீர் கேட்க, எவர்சில்வர் குடத்தில் டம்ளரை முக்கி எடுத்துக் கொடுக்கிறாள். காலையில் பிள்ளைகள் அதே கைப்பிடியைப் பிடிக்கிறார்கள், அதே குடத்தில் மொள்கிறார்கள். அவள் அக்கறையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கை கழுவும் முன்பே கைப்பிடி அழுக்காகிவிட்டது. கழுவி முடித்ததும் அதே கைப்பிடியைத்தான் அவள் மறுபடி தொட்டாள். டம்ளரைப் பிடித்த விரல்கள் பிறகு குடத்துத் தண்ணீரில் நனைந்தன.

குடத்தைப் பற்றி 1980களில் கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் செய்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமானதாகப் படுகிறது. காலரா வந்த வீடுகள் சிலவற்றுக்குக் கை நுழைய முடியாத குறுகிய கழுத்துள்ள மண்கூஜாவைக் கொடுத்தார்கள். ஒன்றும் கொடுக்காத வீடுகளோடு ஒப்பிட்டால், கூஜா இருந்த வீடுகளில் மற்றவர்களுக்குத் தொற்றியது ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். நம் வீட்டில் குழாய் வைத்த டிரம் இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் மூடி வைத்த குடத்தைச் சாய்த்து ஊற்றுங்கள், அல்லது நீளக் காம்புள்ள அகப்பையால் மொண்டு, அதை ஆணியில் மாட்டுங்கள். நோயாளிக்குத் தனி டம்ளர், தனிச் சொம்பு. அவருக்குக் கலக்கும் ஓஆர்எஸ் தண்ணீரையும் தனிப் பாத்திரத்தில் மூடிவைத்து, 24 மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

கை கழுவும்போது பம்பை இன்னொருவர் அடிக்கட்டும், அல்லது சொம்பிலிருந்து ஊற்றட்டும். "அம்மா, நீங்க தொடாதீங்க, நான் அடிக்கிறேன்" என்று பத்து வயதுப் பெண்கூடச் செய்யக்கூடிய உதவி இது. கைக்குச் சானிடைசரை நம்ப வேண்டாம். கொரோனா வைரஸின் மேல் ஒரு கொழுப்பு உறை உண்டு. ஆல்கஹால் அதைக் கரைத்து வைரஸைச் செயலிழக்க வைக்கும். நோரோ வைரஸுக்கு அந்த உறையே கிடையாது, அதனால் ஆல்கஹால் அதனிடம் சரியாகச் செல்லுபடியாகாது. சோப்பும் இந்த வைரஸைக் கொல்வதில்லை. தோலிலிருந்து அதைப் பெயர்த்துவிடுகிறது, ஓடும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. ஆகவே விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் இருபது விநாடியாவது தேய்த்து, ஓடும் நீரில் அலச வேண்டும். வாளியில் கையை முக்கி எடுப்பது கழுவியதாகாது.

அடுத்தது தரையில் விழும் வாந்தி. வாளித் தண்ணீரை வீசி விளக்குமாற்றால் தள்ளுவதுதான் நம் வழக்கம். அது கிருமியைக் கூடம் முழுக்கத் தெளித்துவிடும். நேர்மாறாக, முதலில் பிள்ளைகளை விலக்கி, ஜன்னலைத் திறந்து, உங்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கையில் உறையோ பாலிதீன் பையோ மாட்டி, வாந்தியின் மேல் பழைய துணியையோ செய்தித்தாளையோ போட்டு மூடி, பிளீச்சிங் பவுடர் கரைசலை ஓரத்திலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து வெளியிலிருந்து உள்நோக்கி வழித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கரைசலை இரண்டாம் முறை ஊற்றி மறுபடி பத்து நிமிடம் விடுங்கள். இரண்டாம் முறைதான் உண்மையான வேலை நடக்கிறது. அழுக்கு இருக்கும்வரை குளோரின் அதோடு சேர்ந்தே தீர்ந்துபோய்விடும், வைரஸுக்கு மிஞ்சாது.

லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 16 கிராம், அதாவது கொஞ்சம் கூம்பிய ஒரு மேசைக்கரண்டிப் பவுடர். பிளாஸ்டிக் வாளியில் கலக்கி, தெளியவிட்டு, மேல் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். 30 சதவீதம் குளோரின் உள்ள புதுப் பவுடருக்குத்தான் இந்த அளவு. நம் பக்கத்து ஈரக்காற்றில் திறந்து கிடந்த மூட்டையில் பாதிச் சத்துகூட இருக்காது. வாசனை மூக்கில் ஏறாமல், கட்டி கட்டியாகவும் இருந்தால் அதை நம்பாதீர்கள். தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், நெஞ்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும். பினாயில் மணக்கும், ஆனால் இந்த வைரஸுக்கு அதை நம்ப முடியாது. பம்பின் கைப்பிடி, கதவுக் கொக்கி, ஸ்விட்ச் போன்ற இடங்களுக்கு ஐந்து மடங்கு நீர்த்த கரைசலில் பிழிந்த துணி போதும். ஸ்விட்சைத் துடைக்கும்போது மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளுங்கள், இரும்பில் பட்ட இடத்தைப் பத்து நிமிடம் கழித்து நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

அழுக்கான சேலை, விரிப்புகளை உதறாமல் சுருட்டி எடுத்து, வீட்டிலேயே தனியாகக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும். வாய்க்காலிலும் குளத்திலும் அலசினால் கீழ்த்தெருவுக்கு அனுப்பிவைத்ததாகிவிடும்.

இத்தனைக்கும் நடுவில் நோயாளியைக் கவனிக்க மறக்கக் கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஓஆர்எஸ்ஸைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். அரிசி கழுவிய தண்ணீர் போல் வெள்ளையாக விடாமல் போனாலோ, சிறுநீர் நின்றாலோ, கண் குழி விழுந்தாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சமையல்தான் பல வீடுகளில் சிக்கலாகிறது, ஏனென்றால் பார்த்துக்கொள்பவரே சமைப்பவராகவும் இருக்கிறார். முடிந்தால் அந்த நாட்களில் அடுப்பை வேறொருவர் பார்க்கட்டும், ஆண்களும் பார்க்கலாம். முடியாவிட்டால் தளதளவென்று கொதிக்கும் ரசம், குழம்பு, சுடுசோறு என்று வைத்துக்கொண்டு, கையால் பிசையும் தயிர்சாதத்தையும் கரைத்துக் குடிக்கும் பழையதையும் தள்ளிவையுங்கள். மாமியாருக்குப் பேதி நின்று தெம்பு வந்ததும் அவரே அரிவாள்மனையை எடுத்து உட்காரப் பார்ப்பார். கடைசி வாந்தியோ பேதியோ போய் இரண்டு முழு நாள் ஆகும்வரை அவர் சமையலறைப் பக்கம் வரவேண்டாம். குணமான பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ மலத்தில் வைரஸ் வந்துகொண்டிருக்கும். அதுவரை கொல்லையில் சோப்பு தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.