ஏஐ படத்திருத்தி சின்ன எழுத்தை ஏன் சிதைக்கிறது, அதை எப்படிச் சரிசெய்வது?

ஒரு இனிப்புக் கடையின் தீபாவளி விளம்பரப் படத்தை எடுத்துக்கொள்வோம். 1080 × 1350 பிக்சல். மேலே கடையின் பெயர் 120 பிக்சல் உயரத்தில். அடியில் முகவரியும் கைபேசி எண்ணும் 18 பிக்சல் உயரத்தில். பின்னணியை மட்டும் மாற்றச் சொல்லி ஏஐ கருவியிடம் கொடுத்தால், கடையின் பெயர் பெரும்பாலும் தப்பிவிடும். முகவரியில் "மேல மாசி வீதி" என்பது "மெல மாச வீத" போல ஆகியிருக்கும், எண்ணில் 8 இருந்த இடத்தில் 3-க்கும் 6-க்கும் நடுவே ஏதோ ஒன்று நிற்கும். அந்த வரியைத் தொடவே சொல்லவில்லையே, ஏன் மாறியது?

ஸ்டேபிள் டிஃபியூஷன் வகைக் கருவிகள் படத்தின் பிக்சல்களை நேரடியாகத் தொடுவதில்லை. முதலில் ஒரு சுருக்கி, படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் சில எண்களாக மாற்றுகிறது. ஒரு கட்டத்தில் 64 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறம், ஆக 192 எண்கள். அவை ஸ்டேபிள் டிஃபியூஷனின் தொடக்கப் பதிப்புகளில் வெறும் 4 எண்களாகச் சுருங்கின. பின்னால் வந்த சில மாடல்களில் 16. திருத்த வேலை எல்லாம் இந்தச் சுருக்கத்தின் மேல்தான் நடக்கிறது. முடிந்ததும் ஒரு விரிப்பி அதை மறுபடி பிக்சல்களாக வரைந்து தருகிறது.

இப்போது நம் படத்துக்கு வருவோம். 120 பிக்சல் எழுத்துக்கு உயரவாக்கில் 15 கட்டங்கள் கிடைக்கின்றன. அதன் வளைவுகளைச் சொல்ல அது போதும். 18 பிக்சல் எழுத்துக்குக் கிடைப்பது இரண்டே கால் கட்டம். அந்த அளவில் ஒரு புள்ளி ஏறக்குறைய 3 பிக்சல் அகலம்தான், கட்டத்தின் அகலத்தில் பாதிகூட இல்லை. ஒற்றைக் கொம்பையும் இரட்டைச் சுழிக் கொம்பையும் பிரித்துக் காட்டும் சுழியும் அவ்வளவுதான். சுருக்கும்போது முதலில் தொலைவது இவை. விரிப்பிக்கு "இங்கே ஏதோ எழுத்து மாதிரிக் கோடுகள் இருந்தன" என்ற அளவுக்குத்தான் செய்தி போய்ச் சேர்கிறது. எந்த எழுத்து என்பது சேர்வதில்லை. எனவே பயிற்சியில் பார்த்த கோடுகளைக் கொண்டு எழுத்துபோலத் தோன்றும் ஒன்றை வரைந்துவிடுகிறது.

தமிழில் இதன் பாதிப்பு அதிகம். ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து மங்கினாலும் சொல்லின் உருவத்தை வைத்து ஊகித்துவிடலாம். இங்கே ஒரு புள்ளி போனால் க் என்பது க ஆகிவிடுகிறது, ஒரு சுழி போனால் கே என்பது கெ ஆகிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் சேர்கிறது. 1350-ஐ 8-ஆல் வகுத்தால் 168.75 வருகிறது, முழு எண் இல்லை. அதனால் பல கருவிகள் படத்தைச் சத்தமில்லாமல் 1344 போன்ற அளவுக்கு மாற்றிவிடும். இந்த மறு அளவிடலிலேயே மெல்லிய கோடுகள் ஒரு சுற்று மங்குகின்றன.

மாற்றம் எங்கெல்லாம் நடந்திருக்கிறது என்பதைக் கண்ணால் தேட வேண்டியதில்லை. கிம்ப் மென்பொருளில் ஏஐ தந்த படத்தின் மேல் மூலப்படத்தை ஒரு லேயராக வைத்து, அளவைப் பொருத்தி, லேயரின் Mode-ஐ Difference என்று மாற்றுங்கள். மாறாத இடம் கறுப்பாகவும் மாறிய இடம் வெளிச்சமாகவும் தெரியும். தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும் திருத்தி, மீதிக்கு மூலப் பிக்சல்களையே ஒட்டித் தரும் கருவிகளும் உண்டு. அவற்றில் முகவரி இருக்கும் இடம் முழுக் கறுப்பாக இருக்கும், அங்கே கவலையில்லை. எழுத்துகளின் விளிம்புகள் ஒளிர்ந்தால் அந்த வரியை நம்பக் கூடாது.

சிதைந்த வரியைக் கூர்மையாக்கும் கருவிகளிடம் கொடுப்பது வீண். அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. தப்பான எழுத்து இன்னும் தெளிவான தப்பாக வரும், அது மேலும் ஆபத்து. "எழுத்தைச் சரிசெய்" என்று மறுபடி கேட்டாலும் படம் அதே சுருக்கி வழியாகத்தான் போய் வருகிறது, முன்பு தப்பிய எழுத்தும் இந்தச் சுற்றில் கெடலாம். உறுதியான வழி, கையால் தட்டச்சு செய்வதுதான். தட்டச்சு செய்த எழுத்து யூனிகோட் குறியீடாக நுழைகிறது. எழுத்துரு அதன் வடிவத்தை எந்த அளவிலும் துல்லியமாக வரைகிறது. நடுவில் ஊகத்துக்கு இடமே இல்லை.

வேலையின் வரிசை முக்கியம். ஏஐ திருத்தங்கள் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக எழுத்தை இடுங்கள். இன்னும் நல்லது, சின்ன எழுத்தை அழித்துவிட்டு வெறும் படத்தை மட்டும் ஏஐ-க்குக் கொடுப்பது. ஏற்கெனவே சிதைந்து வந்துவிட்டால், அந்தப் பட்டையைச் செவ்வகமாகத் தேர்ந்து பின்னணி நிறத்தால் நிரப்புங்கள். நிறம் படிப்படியாக மாறும் பின்னணி என்றால் Clone கருவியால் பக்கத்துப் பகுதியை எடுத்து மூடுங்கள். ஏஐ நிரப்பியை இங்கே தவிர்ப்பது நல்லது. எழுத்து இருந்த இடம் என்று ஊகித்து மறுபடி கிறுக்கி வைக்கும்.

அடுத்து மூலப்படத்தை மேல் லேயராக வைத்து Opacity-ஐ 50 ஆக்குங்கள். அதற்கும் மேலே ஒரு எழுத்து லேயர் திறந்து, மூலப்படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள், ஏஐ தந்த படத்தைப் பார்த்து அல்ல. அதே எழுத்துரு கையில் இல்லையென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற இலவச எழுத்துருக்களில் தடிமன் ஒத்துவருவதை எடுங்கள். எழுத்துருவின் அளவு எண்ணும் எழுத்தின் உயரமும் ஒன்றல்ல. 18 என்று போட்டால் எழுத்து 18 பிக்சலைவிடக் குட்டையாக வரும். உயரம் மூலத்தோடு பொருந்தும் வரை எண்ணைக் கூட்டுங்கள். வரியின் நீளம் இன்னும் ஒட்டவில்லையென்றால் எழுத்து இடைவெளியைக் கொஞ்சமாக மாற்றலாம். அதிகம் விரித்தால் சில மென்பொருள்களில் துணைக்காலும் கொம்பும் எழுத்தைவிட்டுத் தனியே நகர்ந்துவிடும்.

நிறத்தை எடுக்கும்போது படத்தை 800 சதவீதம் பெரிதாக்கி, கோட்டின் நடுவில் சொடுக்குங்கள். விளிம்பில் எழுத்தும் பின்னணியும் கலந்த நிறம்தான் இருக்கும். அதை எடுத்தால் வரி வெளிறிப்போகும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் தட்டச்சில் பிழை இல்லை. அமைப்புகளில் Type பகுதியில் World-Ready Layout-ஐத் தேர்ந்து புதிய எழுத்து லேயர் திறந்தால் சரியாகிவிடும்.

இந்த முறை தட்டையான வடிவமைப்புக்கு மிக நன்றாகப் பொருந்தும். புட்டியின் வளைந்த லேபிள், வெயிலும் நிழலும் விழுந்த பெயர்ப்பலகை என்றால் தட்டச்சு செய்த எழுத்து ஒட்டவைத்ததுபோல் துருத்தித் தெரியும். அங்கே மூலப்படத்தின் எழுத்துப் பகுதியை லேயர் மாஸ்க் வழியாக மேலே காட்டுவதே இயல்பாக இருக்கும். விளம்பரத்தில் கியூஆர் கோடு இருந்தால் அதையும் எழுத்தாகவே நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக உருவாக்கி ஒட்டி, கைபேசியால் ஒரு தரம் ஸ்கேன் செய்து பாருங்கள்.

முடிந்ததும் மூல லேயரை மறைத்துவிட்டு, கைபேசி எண்ணை வலமிருந்து இடமாக ஒவ்வொரு இலக்கமாக, தனியே திறந்த மூலப்படத்தோடு ஒப்பிடுங்கள். இடமிருந்து வாசித்தால் மனம் பழக்கத்தில் தாவிவிடும். பிறகு PNG-யாகச் சேமியுங்கள். JPEG பெரும்பாலும் நிறத் தகவலை அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைத்துச் சேமிப்பதால், மஞ்சள் மேல் சிவப்பு போன்ற சின்ன எழுத்துகள் மறுபடி கசியும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக இணையுங்கள், அப்போது அது மறுபடி சுருக்கப்படாது. அச்சகத்துக்கு என்றால் எழுத்து லேயரை படத்தோடு சேர்த்து ஒட்டாமல் PDF-ஆக ஏற்றுமதி செய்து கொடுங்கள். எழுத்து வடிவமாகவே போவதால் 18 பிக்சல் வரியும் தாளில் கூர்மையாக விழும்.