பாரத்தில் ‘இனம்’ என்ற கட்டம்: சட்டம் கேட்பது ஒன்று, தெருப்பேச்சு கேட்பது வேறு

மலேசியாவில் அரசு அலுவலகப் பாரங்களில் இனத்தையோ வம்சாவளியையோ கேட்கும் கட்டம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். ‘பங்சா’ என்றோ ‘கெதுருனான்’ என்றோ அச்சிடப்பட்டிருக்கும் அந்தக் கட்டத்தைப் பெரும்பாலோர் யோசிக்காமலே நிரப்பிவிடுகிறோம். ஆனால் அதன் பொருள், அந்தப் பாரம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. இதைப் பினாங்கின் தமிழ் முஸ்லிம் குடும்பம் ஒன்றைக் கற்பனையாக வைத்துப் பார்த்தால் தெளிவாகும்.

ஜோர்ஜ்டவுனில் சூலியா தெருப் பக்கம் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பாட்டனார் இராமநாதபுரத்திலிருந்து வந்து, சுதந்திரத்துக்கு முன்பே பினாங்கில் நிலையாகக் குடியேறியவர். தந்தை 1957 ஆகஸ்டு 31-க்கு முன் பினாங்கிலேயே பிறந்தவர். நம்மவர் வீட்டில் மலாய் பேசுகிறார், பாட்டியிடம் மட்டும் தமிழ். திருமணம், விருந்து, உடை எல்லாம் மலாய் வழக்கப்படிதான். ஆனால் பிறப்புப் பத்திரத்தில் பெற்றோரின் வம்சாவளி ‘இந்தியர்’ என்றே இருக்கிறது. இவர் மலாய்க்காரரா?

கூட்டரசு அரசியலமைப்பின் 160(2) பிரிவு ‘மலாய்க்காரர்’ யார் என்று விளக்குகிறது. இஸ்லாத்தைப் பின்பற்ற வேண்டும். மலாய் மொழியை வழக்கமாகப் பேச வேண்டும். மலாய் மரபுகளுக்கு இணங்கி வாழ வேண்டும். இம்மூன்றோடு, சுதந்திர நாளுக்கு முன் கூட்டரசிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவராகவோ, அங்கே பிறந்த தந்தைக்கோ தாய்க்கோ பிறந்தவராகவோ, சுதந்திர நாளன்று அங்கே நிலைக்குடியிருந்தவராகவோ, அல்லது அத்தகையவரின் வழித்தோன்றலாகவோ இருக்க வேண்டும். கவனித்துப் படித்தால், மலாய் வம்சத்தில் பிறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் எங்குமே இல்லை என்பது தெரியும். இது மதம், மொழி, வாழ்முறை, பிறப்பிடம் ஆகியவற்றைக் கொண்டு அமைந்த விளக்கமே தவிர, இரத்த வழியைக் கொண்டு அமைந்ததன்று. எனவே எழுத்துப்படி பார்த்தால் நம்மவர் இவ்விளக்கத்துக்குள் வருவதற்கு இடமுண்டு. ‘வழக்கமாகப் பேசுதல்’, ‘மரபுக்கு இணங்குதல்’ ஆகியவற்றைக் காட்டுவதுதான் கடினம். அலுவலகக் கவுண்டரில் இருப்பவர் பெரும்பாலும் பத்திரத்தில் உள்ள சொல்லைத்தான் பார்ப்பார், வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று விசாரிக்க வரமாட்டார்.

இனி, இதே மனிதர் கோலாலம்பூரில் மலாய் ஒதுக்கீட்டு நிலம் ஒன்றை வாங்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 160(2) பிரிவைக் காட்டி நில அலுவலகத்தில் வாதாடினால் பயன் கிடைக்காது. முன்னாள் கூட்டு மலாய் மாநிலங்களின் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் தனக்கென ஒரு விளக்கத்தை வைத்திருக்கிறது: மலாய் இனங்களுள் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்தவராகவும், மலாய் மொழியையோ அவ்வினங்களின் வேறொரு மொழியையோ வழக்கமாகப் பேசுபவராகவும், முஸ்லிமாகவும் இருக்க வேண்டும். இங்கே வம்சமே முதல் நிபந்தனை. எங்கே பிறந்தார் என்ற கேள்வியே இல்லை. ஆகவே சுமத்ராவிலிருந்து வந்தவரின் பிள்ளைக்கு எளிதாகத் திறக்கும் கதவு, தலைமுறைகளாகப் பினாங்கில் வாழும் தமிழ் முஸ்லிமுக்குத் திறப்பது ஐயமே. கெடாவின் சட்டமோ பெற்றோரில் ஒருவர் அரபு வம்சாவளியினராக இருந்தாலும் ஏற்கிறது. ஒருவர் மாநில எல்லையைத் தாண்டினால் சட்டத்தின் கண்ணில் அவர் இனமே மாறிவிடலாம் என்பது கேட்க விசித்திரமாக இருந்தாலும், அரசியலமைப்பே இதற்கு இடமளித்திருக்கிறது. நில ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை, வசிக்கும் மாநிலத்தின் சட்டப்படி மலாய்க்காரராகக் கருதப்படுபவரையும் 89-ஆம் பிரிவு மலாய்க்காரராகவே எடுத்துக்கொள்கிறது.

அவர் மலாய்ப் பெண் ஒருவரை மணந்து, மகள் பிறக்கிறாள். தேசியப் பதிவிலாகாவில் குழந்தையின் வம்சாவளி பொதுவாகத் தந்தையைப் பின்பற்றியே பதியப்படுவதால், மகளும் ‘இந்தியர்’ ஆகிறாள். ஆனால் அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில், தீபகற்ப மலேசியாவைப் பொறுத்தவரை, பெற்றோரில் ஒருவர் 160(2) பிரிவின்படி மலாய் முஸ்லிமாக இருந்தாலே பிள்ளை பூமிபுத்ராவாகக் கருதப்படும். இது தெரியாமல் தந்தையின் கட்டத்தை மட்டும் பார்த்து ‘பூமிபுத்ரா அல்லாதவர்’ என்று நிரப்பினால் இழப்பு பிள்ளைக்குத்தான். தாயின் பிறப்புப் பத்திரத்தின் நகலையும் கையில் வைத்திருப்பது நல்லது. ‘பூமிபுத்ரா’ என்ற சொல் அரசியலமைப்பில் இல்லவே இல்லை. ஆகவே ஒவ்வொரு திட்டத்திலும் அதற்கு என்ன விளக்கம் தரப்பட்டிருக்கிறது என்று தனியாகப் பார்த்தாக வேண்டும்.

அன்றாடப் பேச்சு இந்த நுணுக்கம் எதையும் பொருட்படுத்துவதில்லை. ஒரு தமிழர் இஸ்லாத்தைத் தழுவினால் “அவன் மாசோக் மலாயு ஆகிட்டான்” என்று நம் கடைத்தெருவில் சொல்லிவிடுகிறார்கள். மதம் மாறியதையும் இனம் மாறியதையும் ஒன்றாக்கிவிடும் பேச்சு இது. சட்டப்படி மதமாற்றம் மட்டும் யாரையும் மலாய்க்காரராக்குவதில்லை. மொழி, மரபு, பிறப்பிடம் ஆகிய மற்ற நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும். அடையாளக் கார்டில் மதத்தையும் பெயரையும் மாற்ற விண்ணப்பிக்கலாம் என்றாலும், அதனால் வம்சாவளிப் பதிவு தானாக மாறிவிடாது. இதே பேச்சு வாடகை வீட்டு விளம்பரத்தில் ‘சீனர்களுக்கு மட்டும்’ என்று வரும்போது வீட்டுக்காரர் அரசியலமைப்பையா புரட்டிப் பார்க்கிறார்? முகத்தையும் பெயரையும் வைத்தே முடிவெடுக்கிறார். இனத்தின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்று கூறும் 8-ஆம் பிரிவு அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனியார் வீட்டுக்காரரைத் தடுக்கும் தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை. வருந்தத்தக்க இடைவெளி இது.

அறிவியலில் கேள்வியே வேறு. மரபணு ஆய்வாளர் ரிச்சர்டு லெவொன்டின் 1972-இல் கணக்கிட்டபோது, மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருப்பதையும், ‘இனங்கள்’ என்று சொல்லப்படும் பெரும் பிரிவுகளுக்கிடையே சுமார் 6 விழுக்காடு மட்டுமே இருப்பதையும் கண்டார். பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவரின் முன்னோர் எந்த நிலப்பகுதியினர் என்று பெரும்பாலும் ஊகிக்க முடியும் என்று பின்னர் வந்தவர்கள் காட்டியதும் உண்மையே. ஆனால் அது முன்னோர் பற்றிய தகவல். பதிவிலாகாவின் கட்டத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

இந்த வேறுபாடு மருத்துவமனையில் உயிர்ப் பிரச்சினையாகலாம். வலிப்புக்குக் கொடுக்கப்படும் கார்பமசெபின் என்ற மருந்து, எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் உரிந்துபோகும் கடும் எதிர்வினையை உண்டாக்கக்கூடும். தைவானில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில், இம்மருந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் எனப்படும் அந்த எதிர்வினைக்கு ஆளான 44 பேரிடமும் அம்மரபணு வகை இருந்தது. மருந்தைத் தாங்கிக்கொண்ட 101 பேரில் 3 பேரிடம் மட்டுமே இருந்தது. சீனரிடமும் மலாய்க்காரரிடமும் இவ்வகை அதிகம், இந்திய வம்சாவளியினரிடம் குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. நம் கதையின் மகளுக்கு வலிப்பு வந்து, பதிவில் ‘இந்தியர்’ என்று இருப்பதால் ஆபத்து குறைவென்று யாரேனும் கருதினால், தாய்வழியில் அந்த மரபணு வந்திருக்கக்கூடும் என்பது கண்ணில் படாமலே போகும். ஆகவே மருந்தைத் தொடங்கும் முன், தாய்வழி முன்னோர் பற்றியும் மருத்துவரிடம் சொல்லி, இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேட்க வேண்டும். இந்த எதிர்வினை பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில்தான் தோன்றும். காய்ச்சலோடு வாயில் புண்ணோ தோலில் கொப்புளமோ கண்டால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும், ஏனெனில் அதன் முடிவு மாறாது. அந்த முடிவின் நகலை மருத்துவப் பதிவோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.